மன்னிக்கிறவன் கையில்

இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தை முதலில் வாசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம்: டோர்வால்ட் அப்படி என்ன கொடுமை பண்ணிட்டான்? அடிக்கவில்லை, பணம் கொடுக்கிறான், கொஞ்சுகிறான். மக்ரூன் இனிப்பைத் தின்னாதே என்கிறான். நோரா ஒளித்துவைத்துத் தின்றுவிடுகிறாள். குறுக்கீடு இல்லாமலிருப்பதே சுதந்திரம் என்றால் அவளுக்குப் பெரிய குறையில்லை.

தத்துவவாதி பிலிப் பெட்டிட் இதே நாடகத்தை எடுத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்கிறார்: அவன் நினைத்தால் குறுக்கிட முடியுமா? முடியுமென்றால், நினைக்காத நாளிலும் அவள் சுதந்திரமானவள் அல்ல. கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத காலம். அவன் உயிரைக் காப்பாற்றத்தான் நோரா அப்பாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக் கடன் வாங்கினாள்.

மூன்றாம் அங்கத்தில் கடன்காரனின் கடிதம் இதை அம்பலமாக்குகிறது. பிள்ளைகளை இனி உன்னிடம் விடமாட்டேன் என்கிறான் டோர்வால்ட். அடுத்த கடிதத்தில் கடன்பத்திரம் திரும்பி வந்ததும், மன்னித்துவிட்டேன் என்கிறான். இடையில் சில நிமிஷம்தான். நோரா செய்தது மாறவில்லை. அவன் மனசு மாறியது. அம்மாவாக இருக்கும் உரிமையே அந்த மனசில்தான் தொங்கியிருக்கிறது. அவன் கோபத்தைவிட அந்த மன்னிப்புதான் என்னைப் பயமுறுத்துகிறது. மக்ரூனும் இப்போது வேறாகத் தெரிகிறது: சுதந்திரமானவள் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?