பள்ளத்துக்குள் ஒரு மேடு

கார் டயரின் நெடுக்குப் பள்ளங்களுக்குள் விரலை விட்டு மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாகப் போகும் விரல் ஓரிடத்தில் சிறு மேட்டில் ஏறி இறங்கும். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட வரப்பு மாதிரி, பள்ளத்தின் அடியில் அந்த மேடு கிடக்கிறது. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து தேய்ந்து இந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். இந்தியாவிலும் காருக்குச் சட்டம் குறிக்கும் எல்லை அதே 1.6தான்.

இந்த மேட்டை யாரும் பிறகு ஒட்டி வைப்பதில்லை. டயரை வார்க்கும் அச்சில் நீண்டிருக்கும் விளிம்புகள்தாம் பள்ளங்களை உண்டாக்குகின்றன. அந்த விளிம்பைச் சில இடங்களில் மட்டும் சற்றுக் குட்டையாக்கி விடுகிறார்கள். ரப்பர் அங்கே மேலேறி மேடாக நிற்கிறது. ஐரோப்பிய விதி இதன் உயரத்துக்குத் தரும் சலுகையும் அழகானது. 1.6க்கு மேல் 0.6 வரை கூடலாம், ஆனால் கீழே கடுகளவும் குறையக் கூடாது. எச்சரிக்கை கொஞ்சம் முந்தி வரலாம், பிந்தி வரக் கூடாது என்ற அக்கறை அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

மேட்டைத் தேடி டயர் முழுக்கத் தடவ வேண்டியதில்லை. பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சிறு முக்கோணமோ TWI என்ற எழுத்துகளோ இருக்கும். அங்கிருந்து நேரே குறுக்காகப் போனால் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் ஒரு மேடு தென்படும். இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு போவது முக்கியம். பட்டன் துண்டுகளுக்கு இடையே அவை அசையாதிருக்க வைத்த இணைப்புகளும், கல் சிக்காதிருக்க வைத்த சிறு முண்டுகளும் சில டயர்களில் உண்டு. அவற்றை மேடென்று எண்ணினால் கணக்கே தப்பிவிடும்.

பெரும்பாலோர் இந்த மேட்டை முடிவு சொல்லும் கோடாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, உயரம் தெரிந்த ஒரு பொருள் பள்ளத்துக்குள்ளேயே கிடக்கிறது என்பது. அளவுகோல் கையில் இல்லையா? ஒரு தென்னை ஈர்க்கை நுனி தட்டையாக நறுக்கி, மேட்டின் உச்சியில் செங்குத்தாக நிறுத்தி, டயரின் மேல்மட்டம் வரும் இடத்தில் நகத்தால் கீறுங்கள். பிறகு பக்கத்திலேயே பள்ளத்தின் அடியில் நிறுத்தி இன்னொரு கீறல். இரண்டு கீறல்களுக்கும் இடைப்பட்ட தூரம்தான் 1.6. நுனியிலிருந்து முதல் கீறல் வரை உள்ளது இனி ஓட்ட மிச்சமிருக்கும் ரப்பர். இரண்டையும் கண்ணால் ஒப்பிட்டால் போதும்.

புதிதில் 8 மி.மீ. பள்ளம் இருந்த டயர் 30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்க்கில் இரண்டு தூரமும் சமமாக வருகின்றன. அப்படியானால் மொத்த ஆழம் 3.2; தேய்ந்தது 4.8. ஒரு மில்லிமீட்டருக்கு 6,250 கிலோமீட்டர் என்றாகிறது. மேட்டைத் தொட இன்னும் 1.6 இருப்பதால், இதே ஓட்டத்தில் சுமார் 10,000 கிலோமீட்டர் போகும். மேட்டின் உயரத்திலேயே சிறு ஏற்றம் இருக்கலாம் என்பதால் இதை நெருக்கமான மதிப்பாகக் கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 10,000ஐயும் ஓட்டித் தீர்க்க நான் சொல்ல மாட்டேன். சாலையில் நிற்கும் நீரை வாங்கி வெளியேற்றுவது பள்ளத்தின் வேலை. ஆழம் குறையக் குறைய அது வாங்கும் நீரும் குறைகிறது. வேகத்தில் டயர் தரையை விட்டு நீர்மேல் மிதக்கத் தொடங்கும். மேடு மட்டமாகும் நாளில் திடீரென்று வருவதல்ல இது. ஆகவே ஈர்க்கின் இரண்டு தூரமும் சமமாகும்போதே, ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவது சரி.

மேடுகள் வரிசையாகக் குறுக்கே நிற்பதில் இன்னொரு நயம் உண்டு. ஒரே வரிசையில் உட்பக்க மேடு மட்டமாகி, வெளிப்பக்க மேடு இன்னும் ஆழத்தில் இருந்தால் வீல் அலைன்மென்ட் விலகியிருக்கலாம். இரு ஓரமும் தேய்ந்து நடு பிழைத்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. எப்படியானாலும் முதலில் மட்டமான மேடுதான் டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நின்ற வாக்கில் பார்த்தால் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். முன்சக்கரத்தை ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துப் பாருங்கள்; பின்சக்கரத்தில் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள்.

ரப்பரின் வயதை இந்த மேடு சொல்லாது. அதற்குப் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கிறது: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் வார்த்தது. ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னியில் மேடு ஆழத்தில்தான் இருக்கும். அதில் இந்த இலக்கத்தையும், ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் தவறாமல் பாருங்கள்.