அம்மா பார்க்காத வாழ்த்து

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் கட்டை அடுக்கியும், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியும் மகனைப் பொறியியல் படிக்க வைத்தவர். மகன் இப்போது நொய்டாவில் வேலை பார்க்கிறான். ரயிலில் வந்து சேர இரண்டு ராத்திரி ஆகும். போன வருடம் ஜூன் மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கு வாட்ஸப் ஸ்டேட்டஸில் பத்து வரி எழுதியிருந்தான். “எனக்காகவே வாழ்ந்த தெய்வமே, உன் தியாகத்துக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் ஈடு செய்ய முடியாது” என்று தொடக்கம். கூடவே, அம்மா நைட்டியும் தோளில் துண்டுமாக அடுப்படியில் நிற்கும் படம்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. மறுநாள் ராத்திரி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, “உங்க பையன் உங்களப் பத்தி என்னமா எழுதியிருக்கான்க்கா” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் ஃபோனைக் கொண்டுவந்தார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் மறைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் ஃபோனில் பிடித்து வைத்திருந்த நகலைத்தான் வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குக் கண் கலங்கியது. பிறகு, “நல்ல சேலை கட்டின போட்டோ ஒண்ணு போட்டிருக்கலாம்ல” என்றார்.

இந்த வழக்கத்தை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாய்க்கு மகன் சொன்ன சொல் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருபவர் பட்டினத்தார். அந்தப் பாடல்கள் தாய்க்குத் தீ மூட்டும் நேரத்தில் பாடியவை என்பது மரபு. உயிரோடு இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அன்பைச் சொல்லும் பழக்கம் நம் வீட்டு ஆண்களிடம் குறைவு. இந்தப் பையனும் ஃபோனில் “சாப்ட்டியா, மாத்திரை போட்டியா” என்பதைத் தாண்டிப் பேசியவன் அல்ல. அவன் வாயில் வராதது எழுத்தில் வந்தது. தெருவே அறிய வந்ததால் அந்தத் தாய்க்கு ஒரு மதிப்பும் கிடைத்தது. இது பெரிய காரியம்தான்.

ஆனால் அந்தப் பத்து வரியைத் திரும்பப் படித்தபோது வேறொன்று உறுத்தியது. “எனக்காக” என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. தீப்பெட்டி ஓரிடத்திலும் வரவில்லை. எந்தத் தாயின் படத்தை மாற்றி ஒட்டினாலும் அந்த வரிகள் பொருந்தும். தீபாவளிக்கு வந்தவனிடம் இதைக் கேட்டேன். “ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்கண்ணே” என்றான். குறை அங்கேதான் பிறக்கிறது. “நீ” என்று அம்மாவை அழைக்கும் எழுத்து, அம்மாவை அறியாத சகஊழியர்களுக்காக எழுதப்படுகிறது. அவர்களுக்குப் புரிய வேண்டுமென்று தியாகம், தெய்வம் என்ற பொதுச் சொற்கள் வந்து உட்காருகின்றன. அந்த அம்மா மட்டுமே செய்த வேலை வெளியே போய்விடுகிறது.

தேதியும் அப்படித்தான். ஜூன் மாதத் தேதி, பள்ளியில் சேர்க்க வயது சரியாக வரட்டும் என்று வாத்தியார் எழுதிக்கொண்டது. அந்தத் தலைமுறையில் பலருடைய சான்றிதழ்த் தேதியும் இப்படிப்பட்டதே. அக்காவுக்குத் தெரிந்த தன் பிறந்தநாள் ஆடி மாதம், பூரட்டாதி. நட்சத்திர நாள் ஆங்கிலத் தேதியில் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். காலண்டரைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். மகனுடைய நட்சத்திரம் வரும்போதெல்லாம் கோயிலில் அர்ச்சனை செய்கிறவர் அவர். அவருடைய நட்சத்திரம் மகனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த வருடம் அவன் ஆடியில் எழுதினான். 144 பெட்டி ஒரு குரோஸ். அம்மா ஒட்டிப் போட்ட பெட்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கித்தான் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தனக்கு மனப்பாடமானது என்று ஆறே வரி. போடுவதற்கு முன் அம்மாவுக்கு ஃபோனில் வாசித்தான். அக்கா நடுவில் நிறுத்தினார்: “நான் மட்டும் ஒட்டலப்பா. ராத்திரி சாப்பிட்டுட்டு ஒங்கப்பாவும் உக்காந்து ஒட்டுவாரு. அதையும் எழுது.” எழுதினான். அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது. படத்தையும் அக்காவே தேர்ந்தெடுத்தார், பச்சைப் பட்டுச் சேலையில்.

என் முடிவு இதுதான். முதல் பதிவில் இருந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அதில் அந்த அம்மா இல்லை. வெளியூரில் இருந்து எழுதும் தம்பிகளே, ஊர் படிப்பதற்கு முன்னால் ஒருமுறை அம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்திவிட்டுப் போடுங்கள்.