கணவனுக்கும் ஜீவனாம்சம்: சட்டம் சொல்வதும் நீதிமன்றம் கேட்பதும்

மனைவியிடம் கணவன் ஜீவனாம்சம் கேட்க முடியுமா என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறான் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில், கணவனுக்கு இடமில்லை. அது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கானது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் மனைவிக்கு மட்டுமே தருகிறது. அடுத்த ஆண்டு வந்த இந்து திருமணச் சட்டமோ 24, 25 ஆகிய பிரிவுகளில் இருவரையும் சேர்த்தே பேசுகிறது. வழக்கு நடக்கும் காலத்துக்கு 24, நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25. ஆகவே பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவளுக்கு வராத நோட்டீஸ், தாலி கட்டிக்கொண்டவளுக்கு வரலாம்.

2022-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தீர்த்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. 1992-இல் திருமணம். கொடுமை, கைவிடல் என்று சொல்லி அவரே வழக்குப் போட்டு 2015-இல் விவாகரத்து வாங்கினார். அதற்குப் பிறகு கணவன் 25-ஆம் பிரிவின் கீழ் மாதம் 15,000 ரூபாய் கேட்டார். அந்த மனு முடியும்வரை இடைக்காலமாக மாதம் 3,000 ரூபாய் கொடுக்கும்படி நாந்தேட் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆசிரியை கொடுக்கவில்லை. பாக்கி சேர்ந்ததும், அவருடைய சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் பிடித்து நீதிமன்றத்தில் கட்டும்படி பள்ளித் தலைமை ஆசிரியருக்கு உத்தரவு போனது. இரண்டையும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

விவாகரத்துதான் முடிந்துவிட்டதே, இனி அவர் எப்படிக் கணவர் என்பது ஆசிரியையின் வாதம். அது எடுபடவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வரும்போதோ, அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலுமோ கேட்கலாம் என்றே 25-ஆம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. நம் பெண்கள் பலர் பல ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டு வாங்குவதும் இதே சொற்களை வைத்துத்தான். கணவன் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஆட்டோவை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார் என்பது அவருடைய இன்னொரு வாதம். எனக்கு வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சொன்னால் போதாது, காட்ட வேண்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. மாதச் சம்பளக்காரியின் வருமானம் சம்பளச் சீட்டில் பைசா சுத்தமாகத் தெரியும். மளிகைக் கடைக் கல்லாவுக்குச் சீட்டு ஏது? ஆட்டோவின் பதிவுச் சான்று, கடையின் உரிமம், வங்கிக் கணக்கு வரவுகள் என்று தேடித் திரட்டும் வேலை அவள் தலையில் விழுகிறது.

கேட்ட எல்லாக் கணவர்களுக்கும் கிடைத்துவிடுவதில்லை. தன்னைத் தாங்கிக்கொள்ளவும் வழக்குச் செலவுக்கும் போதுமான சொந்த வருமானம் இல்லை என்பதுதான் 24-ஆம் பிரிவின் சொற்களில் உள்ள நிபந்தனை. நீதிமன்றங்கள் ஆணிடம் கூடுதலாக ஒன்று கேட்கின்றன: உழைக்க முடியாதா, உழைக்கவில்லையா? ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து கேட்டவரை 2001-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது; தானே தன்னை வருமானமில்லாதவனாக்கிக் கொண்டவன் கேட்க முடியாது என்றது. உடல்நலக் குறைவோ வேறு இயலாமையோ காட்டாத கணவனுக்குக் கொடுத்தால் சோம்பலை வளர்ப்பதாகும் என்று 2015-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

முடிவுகளோடு எனக்குச் சண்டையில்லை. காரணம்தான் உறுத்துகிறது. உடல் வலுவுள்ள ஆண் சம்பாதிக்க வேண்டியவன் என்ற பழைய ஏற்பாடு நம்மைக் காப்பாற்றுவதுபோல் தெரிந்தாலும், வீட்டு வேலையை வேலையாக எண்ண மறுப்பதும் அதே ஏற்பாடுதான். ஔரங்காபாத் வழக்கில் கணவன் தரப்பு சொன்னதைப் பாருங்கள்: மனைவி படித்துப் பட்டம் வாங்கட்டும் என்று தன் ஆசைகளை ஒதுக்கிவைத்து வீட்டைப் பார்த்துக்கொண்டாராம். உண்மையா என்பது விசாரணையில் தெரியவேண்டியது. உண்மையானால் அவருக்குக் கிடைப்பது நியாயம் என்பேன். உடம்பில் நோய் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அந்தக் குடும்பத்தில் யார் எந்த வேலைக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று கேட்டால் சோம்பேறியும் பிடிபடுவான். வீட்டைத் தாங்கியவளும், அரிதாக, தாங்கியவனும் கணக்கில் வருவார்கள்.

இருபாலருக்கும் சமம் என்று சொல்லப்படும் 25-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஜீவனாம்சத்தை மாற்றவோ நிறுத்தவோ எப்போது இடமுண்டு என்று அது சொல்கிறது. வாங்குபவர் கணவனானால், வேறொரு பெண்ணோடு உடலுறவு கொண்டதாக நிரூபிக்க வேண்டும். அது ஒரு செயல். மனைவியானால், அவள் கற்போடு இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். இது ஒரு குணம். விவாகரத்து ஆகிப் பத்தாண்டு கழிந்திருந்தாலும் இந்த வாசகம் அவள் பின்னால் வரும்.