தூளியும் பத்தமடைப் பாயும்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீடு திரும்புவதற்குள் ஆச்சியின் பழைய நூல்சேலை விட்டத்தில் தூளியாகத் தொங்கிவிடும். தாமிரபரணிக் கரையூர்களில் இன்றும் பல வீடுகளின் வழக்கம் இது. பிள்ளை ராத்திரியில் முழித்துக்கொண்டு பகலில் தூங்குகிறதே என்ற கவலைக்குத் தூளிதான் முதல் மருந்து. அது எதைச் சரியாகச் செய்கிறது, எதைக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், முதல் சில வாரங்களில் பிள்ளை ஏன் அப்படித் துண்டு துண்டாகத் தூங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பிறந்து மூன்று மாதம் வரை ஒரு நாளுக்கு 14 முதல் 17 மணிநேர உறக்கம் வேண்டும். சில பிள்ளைகளுக்கு 11 போதும், சிலது 19 வரை போகும். அதிலும் தவறில்லை. தாயைத் திணறடிப்பது இந்த மொத்தக் கணக்கு அல்ல, அது விழும் விதம்தான்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டில், நன்றாகப் பால் குடிக்கும் பத்து நாள் பிள்ளையின் ஒரு நாளைக் கற்பனையாக எழுதிப் பார்க்கலாம். இரவு 9 மணிக்குப் பால் குடித்துவிட்டு 9:30க்குத் தூங்கி 11:45க்கு எழுகிறது. மறுபடி 12:30 முதல் 2:30 வரை, 3:15 முதல் 5 வரை, 5:45 முதல் 7:30 வரை தூக்கம். காலையில் எண்ணெய் தேய்த்து ஆச்சி காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறாள். பால் குடித்ததும் 9:15க்கு அசந்து, நண்பகல் 12 வரை ஒரே தூக்கம். பிறகு சாயங்காலம் வரை ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று நான்கு துண்டுகள். கூட்டினால் 16 மணிநேரம், ஒன்பது துண்டுகள், பத்துத் தடவைப் பால். எந்தக் குறையும் இல்லாத நாள் இது. ஆனால் தாய் அந்த இரவில் இரண்டு மணிநேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை.

துண்டுபடுவதற்கு முதல் காரணம் வயிறு. ஒரு வாரப் பிள்ளையின் இரைப்பை ஒரு தடவைக்கு ஏறக்குறைய 45 முதல் 60 மில்லிதான் கொள்ளும். தாய்ப்பாலும் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்பது அதன் உடம்புக் கணக்கு. இரண்டாவது காரணம், மூளைக்குள் இருக்கும் பகல்-இரவுக் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கர்ப்பத்தில் இருந்தபோது தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாக வந்து இரவு எது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்ததும் அது நின்றுவிடுகிறது. பிள்ளையின் சொந்தச் சுரப்பு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

மூன்றாவதை ஆச்சிகள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். தூக்கத்திலேயே பிள்ளை சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், விசும்பும், கைகால் உதறும். நம் பக்கத்தில் அதை நரி விரட்டுகிறது என்பார்கள். பச்சைப்பிள்ளையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி இப்படித்தான் இருக்கும். மூடிய இமைக்குள் கண் உருளும், மூச்சு சீரற்று ஓடும். துடிப்பான உறக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். பெரியவர்களைப் போலன்றி, பிள்ளை தூக்கத்துக்குள் நுழைவதே இதன் வழியாகத்தான். ஒரு சுற்று 50, 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விழிப்பு பக்கத்திலேயே நிற்கிறது. “எட்டி, தொடாத, நரி வெரட்டுது, தன்னால ஒறங்கிரும்” என்று சொல்கிற ஆச்சியின் பேச்சில் நல்ல மருத்துவம் இருக்கிறது.

இப்போது தூளி. அதன் பலம் உண்மையானது. அசைவு குழந்தையை அமைதிப்படுத்தும். தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகையும் இதயத் துடிப்பும் குறைவதை 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பிரசவித்த உடம்போடு நடக்க முடியாத தாய்க்குத் தூளி அந்த நடையைத் தருகிறது. வீட்டில் யார் வேண்டுமானாலும் ஆட்டலாம் என்பதால் அவளுக்கு ஓய்வும் கிடைக்கிறது. இதைப் பழமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பிள்ளை தூளியில் வளைந்து கிடக்கிறது. பச்சைப்பிள்ளையின் தலை கனம், கழுத்துக்குத் தாங்கும் பலமில்லை. தாடை நெஞ்சில் போய் ஒட்டினால் மூச்சுக்குழல் மடங்கும், சத்தமும் வராது. சேலை முகத்தின் மேல் சரிந்தால் ஆபத்து இன்னும் கூடும். தொட்டில் கம்பு வைத்து விரித்தாலும் அடிப்பாகம் குழியாகத்தான் இருக்கும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவில்லை என்றால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். கண்பார்வையில் ஆட்டித் தூங்கவைக்கலாம். தூங்கியதும் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். அதற்கு நம் பள்ளத்தாக்கிலேயே பொருள் இருக்கிறது. பத்தமடைக் கோரைப்பாயில் துணியை மடிப்பில்லாமல் விரித்து, தலையணையும் மெத்தையும் இல்லாமல் தாயின் பக்கத்தில் கிடத்துவது, இன்றைய குழந்தை மருத்துவம் கேட்கும் கெட்டியான, தட்டையான படுக்கைதான்.

இரண்டாவது குறை இதைவிட நுட்பமானது. தூளி பசியையும் தாலாட்டிவிடும். நரி விரட்டுவதைக் கண்டு ஆட்டினால் தானாக அடங்கவேண்டிய தூக்கம் கலைகிறது. வாயைத் திருப்பித் தேடி, கையைச் சூப்பிப் பசியைச் சொல்லும்போது ஆட்டினால் ஒரு வேளைப் பால் போய்விடுகிறது. குளித்த பின் இரண்டேமுக்கால் மணி தூங்கவேண்டிய நம் பத்து நாள் பிள்ளை, ஆட்ட ஆட்ட ஐந்து மணி தூங்கினால் வீடு மகிழும். ஆனால் பத்துத் தடவைப் பால் எட்டாகவோ ஒன்பதாகவோ குறைந்திருக்கும். தினமும் இப்படியானால் எடை காட்டிக்கொடுக்கும். 3 கிலோவில் பிறந்த பிள்ளை நான்காம் நாள் 2.8 கிலோவுக்கு இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது மீண்டும் 3 கிலோவைத் தொடவேண்டும். தொடும்வரை, நான்கு மணிநேரத்துக்கு மேல் தூங்கினால் துணியை விலக்கி உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிப் பால் கொடுப்பதே சரி. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்பது வீட்டிலேயே பார்க்கக்கூடிய அளவுகோல்.

எழுப்பியும் எழாத, மார்பில் வைத்ததும் துவண்டுபோகிற பிள்ளையைச் சமத்து என்று எண்ணக்கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பூத்திருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, உடம்பு சில்லிட்டிருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தூக்கம் வரட்டும் என்று ஜாதிக்காய், வசம்பு உரைத்து நாக்கில் வைக்கும் உரைமருந்தை நான் தயங்காமல் விலக்குவேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதில் உலகச் சுகாதார நிறுவனமும் நம் குழந்தை மருத்துவர்களும் ஒன்றாக நிற்கிறார்கள்.

தூளியை விட்டாலும் கவனிக்க வேண்டிய இன்னொரு பழக்கம், கண்ணேறுக்குப் பயந்து பிள்ளையைப் பகலெல்லாம் இருட்டறையில் வைத்துவிட்டு, ராத்திரிப் பாலுக்கு டியூப்லைட்டைப் போடுவது. இன்னும் ஓடாத கடிகாரத்துக்கு இது நேர் எதிரான பாடம். பகலில் சன்னலைத் திறந்து வீட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கவிடலாம். இரவில் சின்ன விளக்கும் பேச்சில்லாத பால்கொடுப்பும் போதும். இரவுத் தாய்ப்பாலில் மெலடோனின் கூடுதலாக இருப்பதால், அந்த வேளைப் பாலே இரவின் செய்தியைக் கொண்டுபோகும். ஆறு வார வாக்கில் ராத்திரித் துண்டு ஒன்று நீளத் தொடங்கும். மூன்று மாதத்தில் பகலும் இரவும் பெரும்பாலும் பிரிந்துவிடும். அதற்குள் தாய் தூங்க வேண்டுமானால், பிள்ளையின் துண்டுகளோடு அவளும் படுக்கும்படி மற்ற வேலைகளை வீடு எடுத்துக்கொள்வதுதான் வழி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு என்ற ஏற்பாட்டில் அதற்கு இடமுண்டு, பிள்ளை பார்க்க வரும் விருந்தாளிகளுக்குக் காப்பி போடும் பொறுப்பும் அவள் தலையில் விழாமல் இருந்தால்.