சீட்டு சரி, கணக்கு எங்கே?

கமிஷன் மண்டியில் விவசாயியின் கைக்கு வருவது ஒரு சீட்டு. எத்தனை பெட்டி வந்தது, என்ன விலைக்குப் போனது, லாரி வாடகை எவ்வளவு, இறக்கு கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, போக மீதி எவ்வளவு என்று அதில் இருக்கும். கூட்டல் கழித்தலில் பெரும்பாலும் பிழை இருக்காது. அதனாலேயே அதைக் கணக்கு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கூட்டல் சரியாக இருப்பதும் கணக்கு ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்பதே என் வாதம்.

மண்டிக்காரர் சரக்குக்குச் சொந்தக்காரர் அல்ல, முகவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. முதலாளி கேட்டால் முறையான கணக்கைக் காட்ட முகவர் கடமைப்பட்டவர் என்கிறது 213ஆம் பிரிவு. இங்கே முதலாளி என்பவர் வெள்ளை வேட்டியோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. தக்காளி அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் நிற்பவர். இந்த ஒரு வரி மனத்தில் இருந்தால், மண்டியின் பேரேட்டை எப்படிப் படிப்பது என்பது தானாகவே விளங்கும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒட்டன்சத்திரம் போன்ற ஒரு சந்தைக்கு ஒரு விவசாயி 100 பெட்டி தக்காளி அனுப்புகிறார். ஏலத்தில் 40 பெட்டி 320 ரூபாய்க்கும், 35 பெட்டி 300க்கும், 20 பெட்டி 260க்கும் போகின்றன. அடிபட்ட 5 பெட்டியை ஒரு ஓட்டல்காரர் 100 ரூபாய் வீதம் எடுத்துக்கொள்கிறார். மொத்தம் 29,000 ரூபாய். லாரி வாடகை பெட்டிக்கு 20 வீதம் 2,000. இறக்கு கூலி 5 வீதம் 500. கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 2,900. செலவு மொத்தம் 5,400 போக நிகரம் 23,600. விதைக்கும் உரத்துக்கும் வாங்கியிருந்த முன்பணத்தில் 5,000 பிடித்தால் கைக்கு வர வேண்டியது 18,600.

மண்டியின் ஏட்டில் இது எப்படி ஏற வேண்டும்? வாங்கியவர்கள் கணக்கில் 29,000 பற்று, விவசாயி கணக்கில் 29,000 வரவு. பிறகு வாடகையும் கூலியும் கமிஷனும் விவசாயி கணக்கில் பற்றாக ஏறும். கமிஷன் கணக்கில் 2,900 வரவு. மண்டிக்காரரின் வருமானம் அந்த 2,900 மட்டும்தான். 29,000 ரூபாய் ஒரு நொடிகூட அவருடையதாக இருந்ததில்லை. அதைத் தன் விற்பனையாகவும், விவசாயிக்குக் கொடுத்ததைத் தன் கொள்முதலாகவும் எழுதும் மண்டிகள் உண்டு. கணக்கு எழுதுபவரின் சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது அதே சரக்குக்கு விவசாயி கையில் வேறொரு சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “95 பெட்டி, 280 ரூபாய், 26,600. கழிவு 5 பெட்டி.” வாடகையும் கூலியும் 2,500, கமிஷன் 2,660, முன்பணம் 5,000. கைக்கு 16,440. இந்தச் சீட்டிலும் ஒரு ரூபாய்கூட கூட்டலில் தவறில்லை. ஆனால் விவசாயிக்கு 2,160 ரூபாய் குறைந்திருக்கிறது. வாங்கியவர்களிடம் வசூலாவது 29,000தான். இடைவெளி 2,400. அதற்கான கமிஷன் 240 எப்படியும் மண்டிக்குத்தான் வந்திருக்கும். மீதி 2,160தான் விவசாயி பாக்கெட்டிலிருந்து கைமாறியது.

இந்த 2,400 எந்தக் கணக்கில் உட்காரும்? பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும் என்பது இரட்டைப் பதிவின் இரக்கமற்ற குணம். வாங்கியவர்கள் பக்கம் 29,000 ஏறினால், விவசாயி பக்கம் ஏறிய 26,600 போக மீதிக்கு ஒரு தலைப்பு வேண்டும். “விலை வித்தியாசம்” என்று ஒரு கணக்கு திறக்கலாம். ‘சில்லறை விற்பனை’ என்ற பெயரில் ரொக்கமாகக் காட்டலாம். அல்லது சரக்கை மண்டியே 280க்கு வாங்கிக் கொண்டதாக எழுதி, பிறகு தன் சொந்தச் சரக்காக விற்றதாகக் காட்டலாம். மேலே சொன்ன கொள்முதல், விற்பனை எழுத்து வசதியாக இருப்பது இந்த மூன்றாவது வழிக்குத்தான். முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தானே வாங்கி விற்றால், அதில் கிடைத்த பலனை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 216ஆம் பிரிவு. ஆனால் பலன் எவ்வளவு என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

ஆகவே மண்டியின் ஏட்டுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இது. ஒரு நாளில் வாங்கியவர்கள் மீது ஏறிய பற்று மொத்தமும், அனுப்பியவர்கள் கணக்கில் ஏறிய வரவு மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா? ரொக்க விற்பனையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றாக இல்லை என்றால் நடுவில் யாரோ நிற்கிறார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய தணிக்கையாளர் தேவையில்லை. இரண்டு பக்கங்களின் அடிமொத்தம் போதும். ஆனால் விவசாயிக்குத் தரும் சீட்டில் வாங்கியவர் பெயரும் அந்தந்தக் குவியலின் விலையும் இல்லாமல் சராசரி விலை மட்டும் இருந்தால், இந்தச் சோதனையை வெளியே இருக்கும் எவராலும் செய்ய முடியாது. சராசரி விலை பார்க்க எளிமையாக இருக்கிறது. உண்மையில் தகவலை அழித்துவிடுகிறது.

மண்டிக்காரர்கள் தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி வண்டியாக இறங்கும் சரக்கை, எட்டு மணிக்குள் விற்று முடிக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் வாங்கியவர் பெயரை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். இந்தப் பதிலில் பாதி நியாயம்தான் இருக்கிறது. கடன் வாங்கிப் போகும் வியாபாரியின் பெயரையும் பெட்டியையும் விலையையும் எழுதாமல் எந்த மண்டியாவது கடன் கொடுத்திருக்கிறதா? அந்தக் குறிப்பு ஏற்கெனவே மண்டிக்காரர் கையில் இருக்கிறது. விவசாயிக்குத் தரும் சீட்டுக்கு மட்டும் அது வரும் வழியில் காணாமல் போகிறது.

இரண்டாவது, செலவு. இங்கே தொகை சிறியது, ஆனால் பழக்கம் பெரியது. தன் கையில் வந்த பணத்திலிருந்து முகவர் பிடித்துக்கொள்ளலாம் என்று 217ஆம் பிரிவு அனுமதிப்பது, அந்த வேலைக்காகக் கொடுத்த முன்பணத்தையும், முறையாகச் செய்த செலவையும், தன் ஊதியத்தையும்தான். “செய்த செலவு” என்றால் கையைவிட்டுப் போன பணம். விவசாயியிடம் பெட்டிக்கு 5 ரூபாய் பிடித்துவிட்டு, சுமைதூக்குபவர்களுக்கு மூன்றரை ரூபாய் கொடுத்தால் மீதி ஒன்றரை ரூபாய் செலவே அல்ல. இதையும் ஏடு காட்டிக்கொடுக்கும். இறக்கு கூலிக் கணக்கில் ஒரு பக்கம் விவசாயிகளிடம் பிடித்தது, மறுபக்கம் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது. ஆண்டு முடிவில் அந்தக் கணக்கு ஏறத்தாழ பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தடித்த வரவு மிச்சம் நின்றால், அது வேறு பெயரில் எடுத்த கமிஷன்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் செலவுகளின் வரிசையில் போட்டுக் கழிக்கும் சீட்டுகள் உண்டு. செலவு சரக்கைச் சேர்ந்தது. முன்பணம் மனிதர்களுக்கு நடுவில் உள்ள கடன். நிகரம் 23,600 என்று கோடு போட்டு முடித்த பிறகே 5,000 பிடித்தமாக வர வேண்டும், பாக்கி எவ்வளவு என்ற வரியும் கூடவே வர வேண்டும். அந்தப் பாக்கி தெரியாத விவசாயி அடுத்த மண்டிக்குச் சரக்கை மாற்ற முடியாது. விலை பிடிக்காவிட்டாலும் அங்கேயேதான் போட வேண்டும்.

இதுவரை எல்லாம் மண்டிக்கு எதிராகவே சொன்னேன். தராசின் மறுதட்டில் கனமான ஒன்று இருக்கிறது: கடன் அபாயம். வாங்கிப்போகும் வியாபாரி, அதிலும் மாநிலம் தாண்டிப் போகிறவர், பணத்தை உடனே தருவதில்லை. விவசாயிக்கோ அன்றைக்கோ ஓரிரு நாளிலோ பணம் போய்விடுகிறது. நடுவில் போகிற பணம் மண்டிக்காரருடையது. வியாபாரி ஓடிவிட்டால் நட்டமும் அவருடையது. கணக்குப் புத்தகங்கள் இந்தப் பொறுப்பை ஏற்கும் முகவருக்குத் தனிக் கமிஷன் கொடுக்கின்றன; வராக்கடனையும் அவர் தலையிலேயே எழுதுகின்றன. நம் மண்டிகளில் அது தனியாக இல்லை, பத்து விழுக்காட்டுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. எனவே பத்து விழுக்காடு கொள்ளை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் வியாபாரி பணம் தரவில்லை என்று சொல்லி விவசாயியின் பணத்தை நிறுத்தி வைக்கும் மண்டி, அந்தப் பத்தில் ஒரு பங்கை உழைக்காமல் வாங்குகிறது. வராக்கடன் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்த்தால் எந்த மண்டி எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

வரித்துறை இந்த வேறுபாட்டை எப்போதோ பிடித்துவிட்டது. வட இந்தியச் சந்தைகளின் கச்சா ஆடத்தி, பக்கா ஆடத்தி என்ற பிரிவை வைத்து 1986இல் நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. முகவராக மட்டும் நடப்பவருக்குத் தணிக்கை வரம்பைக் கணக்கிடக் கமிஷன் மட்டும் போதும். தானே பொறுப்பாளியாகி, தானே லாப நட்டம் ஏற்பவருக்கு மொத்த விற்பனையும் சேரும். இதை மேலே சொன்ன 2,400 ரூபாயோடு பொருத்திப் பாருங்கள். வரிக்கு வரும்போது “நான் வெறும் முகவர், கமிஷன் மட்டுமே என் வரவு” என்பது. விலை வித்தியாசம் வரும்போது சரக்குக்கு உடையவராக நடப்பது. தக்காளி விலை சரிந்து வாடகைக்கும் கட்டாதபோது மீண்டும் முகவராகி “வாடகை பாக்கி நிற்கிறது” என்று விவசாயியின் கணக்கில் பற்று எழுதுவது. ஒரே ஏட்டில் இரண்டு வேடமும் செல்லாது.

என் தீர்ப்பு இதுதான். கடனைத் தன் தோளில் சுமந்து, அன்றாடம் பணம் கொடுக்கும் மண்டி வாங்கும் கமிஷன் ஏற்கத்தக்கது. செலவுப் பிடித்தங்கள், கொடுத்ததற்கான சான்று இருக்கும் அளவுக்கு மட்டுமே ஏற்கத்தக்கவை. குவியல்வாரி விலையும் வாங்கியவர் பெயரும் இல்லாத சராசரி விலைச் சீட்டு, கூட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், 213ஆம் பிரிவு கேட்கும் கணக்கு ஆகாது. சரக்கு அனுப்புகிறவர்கள் அடுத்த முறை பணத்தை எண்ணி வாங்கும்போது, ஏலக் குறிப்பேட்டில் தங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். சரக்கு உங்களுடையது, அதை விற்ற விவரமும் உங்களுடையது.