சலவைக் குறிகளைப் படிக்கும் ஐபோன்: தொட்டிக்கு அடியில் உள்ள கோடு

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைத் தெருக்களில் குளிர்கால மாதங்களில் வெளிநாட்டினர் நிறையத் தங்குகிறார்கள். அவர்களுடைய துணிகள் உள்ளூர்ச் சலவைக்கும் இஸ்திரி வண்டிக்கும் வருகின்றன. பக்கத் தையலில் உள்ள சீட்டில் பெரும்பாலும் எழுத்து குறைவு, படங்கள்தான் அதிகம். ஐஓஎஸ் 17 முதல் ஐபோன் இந்தப் படங்களைப் படிக்கிறது. சீட்டைப் படம் எடுத்து, அதன் கீழே வரும் தகவல் பொத்தானைத் தொட்டு, Look Up Laundry Care என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு குறிக்கும் விளக்கம் வருகிறது. வசதி நல்லதுதான். ஆனால் துணியைக் காப்பாற்றுவது பெரிய உருவங்கள் அல்ல, அவற்றோடு ஒட்டியிருக்கும் கோடும் புள்ளியும்தான். படம் சற்று மங்கினாலும் முதலில் தொலைபவை அவையே.

பாலியெஸ்டர் கலந்த விஸ்கோஸ் குர்தா ஒன்றின் சீட்டை எடுத்துக்கொள்வோம். 30 என்று எழுதிய தொட்டி, அதன் அடியில் ஒரு கோடு. குறுக்கே அடித்த முக்கோணம். சதுரத்துக்குள் படுக்கைக் கோடு. ஒற்றைப் புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி. 30 டிகிரிக்கு மேல் சூடான நீர் கூடாது, மென்மையாகத் துவை, பிளீச் வேண்டாம், தட்டையாக விரித்துக் காயவை, குறைந்த சூட்டில் தேய் என்பது பொருள். அடிக்கோடு விடுபட்டால் அது சாதாரணத் துவைப்பாகிவிடும். ஈரத்தில் பலமிழக்கும் விஸ்கோஸைக் கல்லில் அடித்தால் வடிவம் கெடும். எனவே சீட்டை இழுத்துத் தட்டையாக்கி, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் நேராகப் படம் எடுக்க வேண்டும். பிறகு சீட்டிலுள்ள குறிகளின் எண்ணிக்கையும் திரையில் வந்த பட்டியலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, தொட்டிக்கு அடியில் ஒருமுறை கண்ணாலும் பார்ப்பது அவசியம்.

இதற்குச் சுவரில் ஒட்டிய அட்டவணை போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பியச் சீட்டுக்குப் போதும். அமெரிக்கச் சீட்டில் தொட்டிக்குள் எண்ணுக்குப் பதில் புள்ளிகளும் இருக்கும், ஒரு புள்ளி என்றால் 30 டிகிரி. ஜப்பானோ 2016 டிசம்பரில்தான் தன் பழைய குறிகளைக் கைவிட்டுச் சர்வதேச முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய துணியில் திரை சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அனுபவமுள்ள கை தொட்டாலே துணி தெரியும் என்பது இன்னொரு வாதம். பருத்திக்கும் பட்டுக்கும் அது உண்மை. கலப்பு நூலின் தாங்கும் சூட்டை விரல் சொல்லாது.

இந்த வசதியின் பெரிய குறை வேறு. ஒற்றைப் புள்ளி என்றால் குறைந்த சூடு என்பதோடு அது நின்றுவிடுகிறது. கரிப் பெட்டியில் சூட்டைத் திருப்பிவைக்கக் குமிழ் கிடையாது. பருத்தியை முதலில் தேய்த்து, கனல் தணிந்த பிறகு, மேலே ஒரு பருத்தித் துணி விரித்துத்தான் அந்தக் குர்தாவைத் தேய்க்க வேண்டும். 30 டிகிரியும் அப்படித்தான். மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டி நீர் அதைவிடச் சூடாகவே வரும், காலையில் பிடித்துவைத்த நீரே பாதுகாப்பு.