மடலில் தேவை, இணைப்பில் விலை

ஒரு பொருளை வாங்கக்கூடியவர் முன் இயக்கிக் காட்டுவதை விற்பனைத் துறையில் செயல்விளக்கம் என்பர். பேச்சு வழக்கில் அது டெமோ. அது முடிந்த மறுநாள் விற்பவர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு இன்று ஏறத்தாழ உறுதியான ஒரு வடிவம் அமைந்துவிட்டது. முதலில் நன்றியும், அடுத்துக் கூட்டத்தில் கேட்டறிந்த தேவைகளின் சுருக்கமும், இறுதியில் ‘தங்கள் பார்வைக்கு’ என்ற குறிப்புடன் முன்மொழிவும் இடம்பெறும். முன்மொழிவு என்பது எதை, எவ்வளவு காலத்தில், என்ன விலைக்கு, எந்த நிபந்தனைகளோடு தர முடியும் என்று கூறும் ஆவணம்; கடைவீதியில் அதையே கொட்டேஷன் என்று சுருக்கிவிடுவார்கள். ஒரே மடலில் செல்லும் இவ்விரு பகுதிகளின் வேலை ஒன்றல்ல. சுருக்கம் ‘சரியாகப் புரிந்துகொண்டோமா?’ என்று கேட்கிறது. முன்மொழிவோ சரியாகப் புரிந்துகொண்டதாகவே வைத்துக்கொண்டு விலை சொல்கிறது. கேள்விக்கு விடை வருமுன்பே விலை போய்விடுகிறது என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படைச் சிக்கல்.

எனினும் சுருக்கம் எழுதும் பழக்கத்தை வெறும் சம்பிரதாயமாக ஒதுக்கிவிட முடியாது. நீல் ராக்கம் 1988இல் வெளியிட்ட ‘ஸ்பின் செல்லிங்’ என்னும் நூல், வாங்குபவரின் தேவைகளை இரண்டாகப் பிரித்தது. ‘இப்போதைய முறையில் தொல்லை இருக்கிறது’ என்ற அளவில் நிற்பது மறைமுகத் தேவை. ‘இன்னது வேண்டும்’ என்று வாங்குபவரே வாய்விட்டுச் சொல்வது வெளிப்படைத் தேவை. பெரிய கொள்முதல்களில் குறைகளை எவ்வளவு கேட்டுக் குறித்துக்கொண்டாலும் அது வெற்றியைக் காட்டும் அறிகுறி ஆகாது என்பதும், வெளிப்படையாகச் சொல்லப்பட்ட தேவைகளே அத்தகைய அறிகுறி என்பதும் அந்நூலின் மையக் கருத்து. செயல்விளக்கத்தில் சிதறலாக வந்து விழுந்த குறைகளை ஒழுங்குபடுத்தி, ‘இவற்றுள் எது தங்களுக்கு உண்மையில் வேண்டும்?’ என்று எழுத்தில் திருப்பிக் கேட்கும் வாய்ப்பைச் சுருக்கம் தருகிறது. கூட்டத்துக்கு வராத பங்காளியோ தணிக்கையாளரோ பேசப்பட்டதை அறிய இருக்கும் ஒரே சான்றும் பெரும்பாலும் அதுவே.

நடைமுறையில் அந்த வாய்ப்பு எப்படி நழுவுகிறது என்பதைக் காண, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் அமைப்பை ஒட்டி ஓர் எடுத்துக்காட்டை உருவகித்துக்கொள்ளலாம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று உற்பத்தியையும் இருப்பையும் கண்காணிக்கும் மென்பொருளை வாங்க எண்ணுகிறது. நூல் வாங்குவதும் தைப்பதும் அதன் பொறுப்பு. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் ஆகியவை வெளியே ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேறு நிறுவனங்களில் நடக்கின்றன. செயல்விளக்கத்தின் நடுவே முதலாளி, “டையிங்குக்குப் போன துணி எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கணக்கே பிடிபட மாட்டேங்குது” என்கிறார். மறுநாள் வரும் மடலில் இந்த வாக்கியம் ‘இருப்பு நிலவரத்தை உடனுக்குடன் அறியும் ஒருங்கிணைந்த வசதி தங்களுக்குத் தேவைப்படுகிறது’ என்று மாறியிருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதலாளி சொன்னதும் இதில் இல்லை.

அவர் சொன்னதன் உள்ளே ஒரு குறிப்பான கணக்கு இருக்கிறது. 500 கிலோ சாயமிடாத துணி டையிங்குக்குப் போவதாகவும், அதில் 8 சதவீதம் எடை குறையலாம் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் கொள்வோம். 460 கிலோ திரும்ப வேண்டும்; வந்தது 452 என்றால் 8 கிலோவுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். துணி ஒரே நடையில் வந்தால் இதைக் கண்டுபிடிக்க மென்பொருளே தேவையில்லை. அது மூன்று நான்கு நடைகளாக, சில நேரம் வேறொரு ஆர்டரின் துணியோடு கலந்து வருகிறது. ஏற்கத்தக்க எடைக் குறைவும் துணியின் நிறத்துக்கும் அது பெறும் பதப்படுத்தலுக்கும் ஏற்ப மாறுகிறது. இதற்கு மேல் வரிச் சட்டமும் இருக்கிறது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு பொதுவாக ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும். இல்லையேல் அது அனுப்பிய நாளிலேயே ஜாப் ஒர்க் செய்பவருக்கு வழங்கல் செய்யப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே உண்மையான தேவை, ஒரே டெலிவரி சலானுக்கு எதிராகப் பல வரவுகளைப் பதிந்து, நிறவாரியாக அனுமதித்த எடைக் குறைவைக் கழித்து, மீதியைக் காட்டும் ஒரு பதிவு முறையாகும். செயல்விளக்கத்தில் காட்டப்பட்டதோ ஒரு சலானுக்கு ஒரு வரவு என்ற நேர்க்கோட்டுக் கணக்கு.

விற்பவரின் சுருக்கம் இந்த வேறுபாட்டை மறைத்தது வஞ்சகத்தால் அன்று. தன்னிடம் உள்ள வசதிகளின் பெயர்களையே சொல்வளமாகக் கொண்டு ஒருவர் கேட்கும்போது, கேட்டவை அப்பெயர்களுக்குள் அடங்கிவிடுவது இயல்பு. சுருக்கத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, செயல்விளக்கத்துக்கு முந்திய நாள் வாங்குபவர் தம் கணக்கரிடம் இந்த வரியைச் சொல்லியிருப்பாரா என்று கேட்டால் பழுது எளிதில் தெரிந்துவிடும். ‘ஒருங்கிணைந்த வசதி’ என்று எந்த முதலாளியும் தம் கணக்கரிடம் பேசுவதில்லை. சில தேவைகள் திரையைப் பார்த்த பிறகே பிறப்பவை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்ண வரைபடம் ஒன்றைக் கண்டு “இதுவும் நல்லா இருக்கே” என்று வந்த பாராட்டு, மடலில் தேவையாகப் பதிவாகி, முன்மொழிவில் கட்டணமாக ஏறிவிடுகிறது.

இத்தகைய சுருக்கத்தோடு விலையும் இணைந்து சென்றால் அடுத்து நடப்பதை ஊகிப்பது கடினமன்று. மென்பொருள் உரிமத்துக்கு 3,00,000 ரூபாயும் நிறுவிப் பயிற்றுவிக்க 1,00,000 ரூபாயும் முன்மொழிவில் கேட்கப்படுவதாகக் கொண்டால், 18 சதவீத வரியோடு மொத்தம் 4,72,000 ரூபாய். மடலைத் திறப்பவர் நேரே இணைப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய் அந்தத் தொகையைப் பார்க்கிறார். சுருக்கம் படிக்கப்படாமலே கிடக்கிறது. பதிலும் ‘ரேட் குறைத்துத் தாருங்கள்’ என்ற ஒற்றை வரியாக வருகிறது. தேவையைப் பற்றி ஒரு திருத்தம்கூட இல்லாமல் விலையைப் பற்றி மட்டுமே பேசும் பதில் வந்தால், சுருக்கம் ஏற்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அது படிக்கப்படவில்லை என்று கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். வேலை தொடங்கிய பிறகே பல நடை வரவுச் சிக்கல் தெரியவருகிறது. அதற்குரிய திரைகளை மாற்றி எழுத 15 வேலைநாள், நாளொன்றுக்கு 6,000 ரூபாய் எனக் கணக்கிட்டால் 90,000 ரூபாய் கூடி, வரியுடன் மொத்தம் 5,78,200 ரூபாயாகிறது. முதலாளியின் பார்வையில் தேவை ஒன்றும் மாறவில்லை. அவர் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். விலைதான் ஏறியிருக்கிறது. விற்பவர் இதைக் கூடுதல் வேலை என்கிறார். வாங்குபவர் வாக்கு மாறுதல் என்கிறார். இருவரிடமும் சான்றாக இருப்பது யாரும் திருத்தாத அந்தச் சுருக்கம் மட்டுமே.

சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இவ்வழக்கம் கவலையற்றதன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முன்மொழிவு ஏற்கப்பட்டதும் அது வாக்குறுதியாகிறது என்கிறது. ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு கூறுகிறது. ‘பார்வைக்கு’ என்று அனுப்பிய ஆவணத்தில் முழு விலையும் கால வரையறையும் இருந்து, ‘சரி, தொடங்குங்கள்’ என்று பதிலும் வந்துவிட்டால், அது வெறும் வரைவுதான் என்று பின்னர் வாதாடுவது எளிதாக இராது. முன்மொழிவு எந்தச் சுருக்கத்தை அடிப்படையாகக் கொண்டது, அச்சுருக்கம் திருத்தப்பட்டால் விலையும் மறுபரிசீலனைக்கு உரியதா, எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்றையும் ஆவணத்திலேயே எழுதிவிடுவது குறைந்தபட்சப் பாதுகாப்பு. பல முன்மொழிவுகளில் மூன்றாவது மட்டுமே காணப்படுகிறது.

குறைவாகப் பேசப்படும் மற்றொரு குறை, யார் சொன்னது என்பதைப் பற்றியது. ராக்கம் போன்றோரின் நூல்கள் தேவையைச் சொன்னவர் அதைச் சொன்னதற்காக இன்னலுக்கு உள்ளாக மாட்டார் என்பதுபோலவே பேசுகின்றன. குடும்ப நிறுவனங்களில் நிலைமை வேறு. கூட்டத்தில் முதலாளி தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போன ஐந்து நிமிடத்தில் கணக்கர், குடோன் இருப்பும் புத்தக இருப்பும் ஒத்துப்போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். முழுக் கூட்டத்திலும் மிகப் பயனுள்ள தகவல் அதுவாகவே இருக்கக்கூடும். அதைச் சொன்னவர் பெயரோடு எழுதி முதலாளிக்கும் நகல் போட்டால், மனம்விட்டுச் சொன்ன சொல் குடோன் பொறுப்பாளர் மீதான குற்றச்சாட்டாகிவிடும். அந்தக் கணக்கர் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். எழுதாமல் விட்டால் முன்மொழிவில் இருப்புச் சரிபார்ப்புக்கான நாட்கள் சேராமல் போகும். இங்கே முழுமையான பதிவு என்ற நெறியைவிட, கணக்கரிடம் முதலில் தொலைபேசியில் பேசி, அவர் ஒப்பும் சொற்களில் ‘தொடக்க இருப்பை ஒருமுறை எண்ணிப் பதிவது தேவைப்படும்’ என்று பொதுவாக எழுதும் சாதுரியமே தக்கது. மடல் ஓர் ஆவணம் என்பதோடு, அது யார் மேசைக்கெல்லாம் போகும் என்பதும் எழுதுபவரின் கவனத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் சுருக்கத்தையும் முன்மொழிவையும் பிரித்து அனுப்புவதே முறை என்று தோன்றலாம். செயல்விளக்கம் நடந்த அன்று மாலையே ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் செல்கிறது. அதில் வாங்குபவரின் சொற்களிலேயே நான்கைந்து தேவைகளும், தெளிவாகாத இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. ‘500 கிலோ ஒரே சலானில் போனால் வழக்கமாக எத்தனை நடையில் திரும்பும்?’ என்பது போன்ற ஒரு கேள்வி, நாகரிகமான பத்து வாக்கியங்களைவிட விரைவாகப் பதிலை வரவழைக்கும். திருத்தம் வந்த பிறகே விலை எழுதப்படும். இம்முறையின் மேன்மை வெளிப்படை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நன்றாகத் திருத்தப்பட்ட சுருக்கம் வாங்குபவரின் கையில் இலவசமாகக் கிடைத்த தேவை ஆவணமாகிறது. அது வாட்ஸ்அப்பில் போட்டி நிறுவனத்துக்குச் சென்று, அந்நிறுவனம் கூட்டமே நடத்தாமல் குறைந்த விலை சொல்வதைத் தடுக்க வழியில்லை. இதைவிட அன்றாடத் தடை, “முதல்ல ரேட் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்” என்று கேட்கும் வாங்குபவரிடம் ஒரு வாரம் விலை சொல்லாமல் இருப்பது நேர்மையாக அன்றி மழுப்பலாகவே தோன்றும் என்பது.

இவ்விரு முனைகளுக்கும் இடையில், சுருக்கத்தோடு விலை எல்லை ஒன்றை மட்டும் மடலின் உடலிலேயே எழுதுவது ஏற்கத்தக்க வழியாகத் தெரிகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், ‘ஜாப் ஒர்க் வரவு ஒரே நடை என்றால் வரி நீங்கலாக 4,00,000 ரூபாய் அளவிலும், பல நடை என்றால் 5,00,000 ரூபாய்க்கு உட்பட்டும் அமையும்’ என்று எழுதினால், தொகையைத் தேடிவரும் கண் தேவையைக் கடந்தே அதை அடைய முடியும். விலையைக் குறைக்க விரும்புபவரும் முதலில் தம் சலான்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். மாற்றமின்றி அப்படியே விற்கப்படும் எடை இயந்திரத்துக்கோ பார்கோடு அச்சுப்பொறிக்கோ இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. அங்கே மறுநாளே விலைப்பட்டியலை இணைத்து அனுப்புவதில் ஒரு பிழையும் இல்லை. பொருளை வாங்குபவரின் வேலைமுறைக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும் இடத்தில்தான், திருத்தம் வராத சுருக்கத்தின் மேல் எழுதப்பட்ட முன்மொழிவு இன்னும் கேட்டு முடிக்காத தேவைக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கிறது.